வினாத்தாளைப் படம் எடுத்து ஏற்றுவது கொப்பி அடிப்பதா?

கேள்வி:

சேர், நான் திருகோணமலையில் உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கிறேன். லீவுக்கு மிஸ் ஊசல் பரிசோதனை வரும் ஒரு பௌதிகவியல் பேப்பரை ஒப்படையாகத் தந்தா. அமைப்புக் கட்டுரை வினாக்களைப் போட்டோ எடுத்து ஒரு ஏஐ செயலியில் ஏற்றி, வந்த விடைகளைப் பார்த்து என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். 78 புள்ளி கிடைத்தது. மிஸ் வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் பாராட்டினா. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இது கொப்பி அடிப்பதா? பாஸ்ட் பேப்பருக்கும் இப்படிச் செய்யக் கூடாதா? இன்னொன்று, கிண்ணியாவில் படிக்கும் என் கூட்டாளிக்குத் தவணைப் பரீட்சைப் பேப்பர் எங்களுக்கு முந்தியே நடந்துவிட்டது. அவள் அதைப் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். முதல் பக்கம் கண்ணில் பட்டுவிட்டது. எங்களுக்கு அந்தப் பரீட்சை வரும் வியாழன். நான் என்ன செய்ய வேண்டும்?

உவர்மலையில் இருந்து ஒரு மாணவி

பதில்:

வியாழக்கிழமை விடயத்தை முதலில் முடிப்போம் பிள்ளை, மற்றவை ஒரு வாரம் பொறுக்கும்.

அந்தப் படத்தை இனித் திறக்க வேண்டாம், யாருக்கும் அனுப்ப வேண்டாம், எந்தச் செயலியிலும் ஏற்ற வேண்டாம். நாளைக்குக் காலையில் பாடசாலைக்குப் போனதும் உங்கள் மிஸ்ஸிடம், "மிஸ், வியாழன் வரப்போகிற பேப்பர் வெளியே வந்துவிட்டது, என் போனுக்கும் வந்தது, முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். அனுப்பியவளின் பெயரை நீங்களாகச் சொல்லத் தேவையில்லை. மிஸ்ஸுக்கு அப்போது தெரிய வேண்டியது பேப்பர் வெளியே போயிருக்கிறது என்பதும் எந்தப் பேப்பர் என்பதும்தான். அது தெரிந்தால் வினாக்களை மாற்றலாம், அதிபரோடு பேசி வேறு பேப்பர் போடலாம், அல்லது அந்தப் புள்ளியைக் கணக்கில் எடுக்காமல் விடலாம். மூன்றுக்கும் அவருக்கு ஓரிரு நாள் வேண்டும். வியாழன் மதியம் சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

எங்கள் மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. கிண்ணியா ஒரு வலயம், திருகோணமலை இன்னொன்று. ஒரே வினாத்தாளை எல்லா வலயங்களுக்கும் அனுப்பினால் எல்லா இடத்திலும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் நடத்துவதுதான் ஒழுங்கு. ஆனால் மாரி மழையில் ஒரு பக்கம் வெள்ளம், இன்னொரு பக்கம் ஏதாவது ஒரு உள்ளூர் விடுமுறை என்று ஒரு பாடசாலை பிந்திவிடும். அந்த இடைவெளியில்தான் இந்தப் படங்கள் ஓடுகின்றன. உங்கள் கூட்டாளி எழுதி முடித்த பேப்பரைத்தான் படம் எடுத்தாள். அவளைப் பொறுத்தவரை அந்தப் பரீட்சை முடிந்துவிட்டது, அதனால் அதில் பிழை இருப்பதாக அவளுக்குத் தோன்றியிராது. வினாத்தாள் கடைசி மாணவரும் எழுதி முடிக்கும் வரைக்கும் உயிரோடுதான் இருக்கிறது. அதுவரை அதைப் படம் எடுப்பதும் அனுப்புவதும் ஒரே செயலின் இரண்டு பகுதிகள்.

பொதுப் பரீட்சையாக இருந்திருந்தால் பேச்சே வேறு. அதற்கு 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டம் இருக்கிறது. பரீட்சை மண்டபத்துக்குள் போன் கொண்டு போவதே தடை. 2023ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2024 ஜனவரியில் நடந்தபோது விவசாய விஞ்ஞான வினாத்தாள் வெளியே போய், நாடு முழுக்க அந்தப் பாடத்தை இரத்துச் செய்து திரும்ப நடத்த வேண்டி வந்தது. ஒழுங்காகப் படித்து எழுதிய பிள்ளைகளும் இரண்டாம் தரம் போய் உட்கார்ந்தார்கள். தவணைப் பரீட்சைக்கு அவ்வளவு பெரிய சட்டம் இல்லை, பாடசாலையின் ஒழுக்க விதிகள்தான். ஆனாலும் நட்டம் விழுவது அதே மாதிரி ஆட்களின் தலையில்தான்.

சரி, இனி ஒப்படைக்கு வருவோம்.

படம் எடுத்து ஏற்றினது ஒரு குற்றம் என்று நான் நினைக்கவில்லை. மிஸ் தந்த தாளை நீங்கள் கையால் தட்டச்சுச் செய்து கேட்டிருந்தாலும், பக்கத்து வீட்டு அண்ணாவிடம் காட்டிக் கேட்டிருந்தாலும் கேள்வி ஒன்றுதான். நான் பார்க்கிற இடம் 78 என்கிற அந்த எண். மிஸ் அதை என்னவென்று எடுத்துக்கொண்டார்? உங்களுக்கு ஊசல் பரிசோதனை விளங்கிவிட்டது, அடுத்த கிழமை அதைத் திரும்பப் படிப்பிக்கத் தேவையில்லை என்று எடுத்துக்கொண்டார். முக்கால்வாசி வகுப்பும் அப்படிப் புள்ளி எடுத்திருந்தால் அந்த அலகையே தாண்டிப் போய்விடுவார். உங்கள் கையெழுத்து அவருக்கு ஒரு செய்தி சொன்னது, அந்தச் செய்தி உண்மையில்லை. நேர்மைக் கேள்வி அங்கேதான் இருக்கிறது. மற்றவர்களும் செய்தார்கள் என்பதால் அது குறையவில்லை, கூடித்தான் போயிற்று. ஏனென்றால் உண்மையாகவே செய்து 52 எடுத்த ஒரு பிள்ளை அந்த வகுப்பில் இருந்திருப்பாள். தான் மட்டும்தான் பின்தங்கியிருக்கிறேன் என்று அவள் நினைத்திருப்பாள்.

பாஸ்ட் பேப்பர் அப்படி இல்லை. நடந்து முடிந்த, புத்தகக் கடையில் புள்ளியிடும் திட்டத்தோடு வாங்கக்கூடிய பேப்பர் அது. வீட்டில் தனியாகச் செய்து பார்க்கும்போது உங்கள் புள்ளியை நம்பி முடிவெடுக்கிறவர் நீங்கள் ஒருவர்தான். தாராளமாகப் படம் எடுத்து ஏற்றுங்கள். அங்கே எனக்கு இருக்கிற கவலை நேர்மையைப் பற்றியது அல்ல, படம் சரியாக வாசிக்கப்படுகிறதா என்பதுதான். இதைப் பல பிள்ளைகள் கவனிப்பதே இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தச் செயலிகள் படத்தை வாங்கியதும் பெரும்பாலும் அதைச் சுருக்கி, ஒரு குறிப்பிட்ட அளவுக்குள் கொண்டுவந்துதான் வாசிக்கின்றன. அச்சில் மிகச் சிறியதாக இருக்கும் விடயங்கள் அதில் முதலில் போய்விடும். அடுக்குகள், கீழ்க்குறிகள், 10⁻³ இல் உள்ள அந்தச் சிறிய சய அடையாளம், தமிழில் எழுத்துக்கு மேல் இருக்கும் புள்ளி. பக்கம் கொஞ்சம் வளைந்திருந்தாலோ, மின்விளக்கின் நிழல் விழுந்தாலோ இன்னும் மோசம். மனிதர் ஒருவர் என்றால் "இந்த இடம் தெளிவில்லை" என்பார். செயலி பெரும்பாலும் அப்படிச் சொல்லாமல், அங்கே என்ன இருக்கும் என்று ஊகித்து நிரப்பிக்கொண்டு கணக்கைத் தொடரும். விடை அழகாக, படிப்படியாக வரும். பிழை முதல் வரியில் இருக்கும்.

வரைபு என்றால் இது இன்னும் கூடும். உங்கள் ஒப்படையை நான் பார்க்கவில்லை, எனவே வழக்கமான ஒரு வினாவை எடுப்போம். ஊசலின் நீளம் l ஐ cm இல் கிடை அச்சிலும், அலைவுகாலத்தின் வர்க்கம் T² ஐ s² இல் நிலைக்குத்து அச்சிலும் குறித்து ஒரு நேர்கோடு அச்சிடப்பட்டிருக்கிறது. கோடு உற்பத்தியினூடாகச் செல்கிறது. படித்திறனைக் கண்டு g ஐக் கணிக்கச் சொல்கிறார்கள்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு சிறு சதுரங்களை எண்ணினால், கோட்டில் (20, 0.80), (90, 3.60) என்ற இரண்டு புள்ளிகள் கிடைக்கின்றன என்று வையுங்கள். படித்திறன் 2.80 ஐ 70 ஆல் பிரித்தால் 0.040 s² cm⁻¹. மீற்றருக்கு மாற்றினால் 4.0 s² m⁻¹. T² = (4π²/g) l என்பதால் படித்திறன் 4π²/g. ஆகவே g = 39.48/4.0, அதாவது ஏறத்தாழ 9.87 m s⁻².

இதே வரைபைப் படமாக ஏற்றினால் செயலி சதுரங்களை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. புள்ளி எங்கே இருக்கிறது என்று மட்டிடுகிறது. மேல் புள்ளியின் 3.60 ஐ 3.40 என்று அது எடுத்துவிட்டால்? படித்திறன் 2.60/70, அதாவது மீற்றருக்கு 3.71. g ஏறத்தாழ 10.6 என்று வரும். 10.6 ஐப் பார்த்து எந்தப் பிள்ளைக்கும் சந்தேகம் வராது. பரிசோதனைதானே, கொஞ்சம் கூடக் குறைய வரும் என்று எழுதிவிட்டுப் போவார்கள். cm ஐ m என்று எடுத்து 987 என்று வந்திருந்தால் நீங்களே பிடித்திருப்பீர்கள். ஆபத்தானது இந்தச் சின்னப் பிழைதான்.

இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது, அதுவும் பௌதிகவியலுக்குள்ளேயே. கோடு உற்பத்தியினூடாகச் சென்றால் கோட்டில் உள்ள எந்தப் புள்ளிக்கும் T² ஐ l ஆல் பிரித்த பெறுமானம் ஒன்றாக இருக்க வேண்டும். 0.80/20 என்பது 0.040. 3.60/90 என்பதும் 0.040. ஆனால் 3.40/90 ஏறத்தாழ 0.038. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஒரு புள்ளி பிழையாக வாசிக்கப்பட்டிருக்கிறது, தாளை எடுத்து நீங்களே எண்ண வேண்டும். அரை நிமிட வேலை.

விடைத்தாள் திருத்துகிறவர் பக்கத்திலிருந்தும் இது தெரியும். வரைபு வினாவில் நாங்கள் இறுதி விடைக்கு முன்னால் பார்ப்பது, நேர்கோட்டில் நல்ல இடைவெளியில் இரண்டு புள்ளிகளை எடுத்தாரா, அவற்றின் ஆள்கூறுகள் கோட்டில் உண்மையாகவே விழுகின்றனவா என்பதை. ஆள்கூறு கோட்டில் விழாமல் கணக்கு மட்டும் சுத்தமாக இருந்தால், அந்த எண் தாளிலிருந்து வரவில்லை என்று விளங்கிவிடும். பக்கத்திலிருந்து பார்த்து எழுதினால் பிழைகள் ஒரே மாதிரி இருக்கும். ஆளுக்கு ஆள் படம் ஏற்றினால் ஒருவருக்கு 10.6, இன்னொருவருக்கு 9.3 என்று சிதறும், அச்சிட்ட வரைபு எல்லாருக்கும் ஒன்றாக இருந்தும். இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் பாடநூலில் ஆர்முடுகல், மீடிறன் என்று படித்த பிள்ளை ஒப்படையில் மட்டும் முடுக்கம், அதிர்வெண் என்று எழுதினால் ஆசிரியருக்குத் துப்பறியும் வேலையே இல்லை. உங்கள் மிஸ் பாராட்டினார் என்றால் ஒன்று அவர் இதையெல்லாம் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் நீங்களாக வருவீர்களா என்று விட்டிருக்கிறார். எது என்று எனக்குத் தெரியாது.

ஆகவே பாஸ்ட் பேப்பரில் படம் ஏற்றும்போது முதலில் விடையைக் கேட்க வேண்டாம். "இந்த வினாவைத் தீர்க்க வேண்டாம், படத்தில் உள்ள எழுத்தையும் எண்களையும் அலகுகளையும் அப்படியே எழுதித் தா" என்று கேளுங்கள். வந்ததைத் தாளோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். அடுக்கும் அலகும் சரியா, பகுதிகள் (அ), (ஆ), (இ) எல்லாம் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அமைப்புக் கட்டுரை வினாவில் பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு பகுதியே காணாமல் போவதுண்டு. வரைபோ சுற்றுப்படமோ இருந்தால் அதில் உள்ள எண்களை நீங்களே வாசித்து எழுத்தில் கொடுத்துவிடுங்கள், படத்தை நம்ப வேண்டாம்.

அதைவிட நான் விரும்புகிற வழி இன்னொன்று. வினாத்தாளை மட்டும் படம் எடுத்து விடை கேட்பதை விட்டுவிட்டு, நீங்கள் செய்த வேலையைப் படம் எடுங்கள். பௌதிகவியல் இரண்டாம் பகுதியில் மூன்று மணித்தியாலத்தில் எட்டு வினாக்கள் எழுத வேண்டும், நாலு அமைப்புக் கட்டுரை, நாலு கட்டுரை. ஒன்றுக்கு இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலேதான் கிடைக்கும். அந்த நேரத்தை மணிக்கூட்டில் வைத்து, போன் வேறு அறையில் இருக்க, ஒரு வினாவை எழுதி முடியுங்கள். அப்புறம் உங்கள் விடைத்தாளைப் படம் எடுத்து, "முதலில் பிழைத்த வரி எது என்று மட்டும் சொல், சரியான விடையைச் சொல்லாதே" என்று கேளுங்கள். சில வேளை அது சொல் கேட்காமல் முழு விடையையும் கொட்டிவிடும். அப்போது கீழே போகாமல் நிறுத்திவிட்டு, அந்த வரியிலிருந்து நீங்களே திரும்பச் செய்யுங்கள். கடைசியில் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தோடுதான் ஒப்பிட வேண்டும். செயலி சரி என்று சொன்னதற்காகத் திருத்துகிறவர் புள்ளி போட மாட்டார். படம் எடுக்கும்போது தாளின் மேல் மூலையில் உங்கள் பெயர், சுட்டெண், பாடசாலைப் பெயர் இருந்தால் அதை வெட்டிவிட்டு ஏற்றுங்கள்.

உங்களுக்கு உண்மையில் விளங்கியிருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை. அந்த ஊசல் வினாவையே எடுங்கள். நூலின் நீளத்தை மட்டும் அளந்து, குண்டின் ஆரையைச் சேர்க்க ஒரு மாணவன் மறந்துவிட்டான் என்று வைப்போம். அவனுடைய வரைபு எப்படி மாறும், g பிழைக்குமா? எதையும் திறக்காமல் இரண்டு நிமிடம் யோசியுங்கள். அவன் குறித்த நீளம் ஒவ்வொன்றும் உண்மையான நீளத்தைவிட ஒரே அளவால், ஆரையின் அளவால், குறைவு. ஆகவே கோடு அப்படியே இடப் பக்கமாக நகரும், T² அச்சில் ஒரு நேர்ப்பெறுமான வெட்டுத்துண்டு வரும், படித்திறன் மாறாது, g பிழைக்காது. இதைச் சொல்ல முடிந்தால் ஊசல் உங்களுடையது. சொல்ல முடியாவிட்டால் அந்த 78 இல் ஒரு பகுதி உங்களுடையது அல்ல. நாளைக்கு மிஸ் வகுப்பில் எழுப்பிக் கேட்டாலும் கேட்கப்போவது இப்படியொரு கேள்வியைத்தான்.

அந்த 78 ஐ என்ன செய்வது? தவணைப் பரீட்சைப் பேப்பரைப் பற்றிச் சொல்லப் போகிறீர்கள்தானே, அதே நேரத்தில் இதையும் சேர்த்துச் சொல்லிக் குழப்ப வேண்டாம். வியாழன் முடியட்டும். ஒப்படையில் நீங்கள் படம் ஏற்றி எழுதிய வினாக்களை ஒரு வெள்ளைத்தாளில் உதவியில்லாமல் திரும்பச் செய்து, மேலே இப்படி எழுதுங்கள்: "மிஸ், முதல் தந்ததில் அமைப்புக் கட்டுரை வினாக்களுக்கு போனில் படம் ஏற்றி விடை பார்த்தேன். இது நானே செய்தது." அதற்குக் கீழே எந்தப் பகுதி இன்னும் விளங்கவில்லை என்று ஒரு வரி. புள்ளியைக் குறைப்பதா விடுவதா என்பது அவருடைய முடிவு, அதைப் பற்றி நீங்கள் பேரம் பேச வேண்டாம். பெரும்பாலான ஆசிரியர்கள் அந்தக் கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

இனி வரும் ஒப்படைகளுக்கும் அதே மாதிரி ஒரு குறிப்பு போதும். "3 (இ) இல் படித்திறன் கணிக்க உதவி பெற்றேன், மற்றவை என்னுடையவை" என்று எழுதினால் மிஸ்ஸுக்கு எதைப் படிப்பிக்க வேண்டும் என்று தெரியும். உதவி பெறவே கூடாது என்று அவர் சொன்னால் அந்த ஒப்படைக்கு அதுதான் விதி. சொல்லவில்லை என்றால் தொடங்குமுன் கேட்டுவிடுங்கள். வகுப்பில் நீங்கள் கேட்டால் மற்றவர்களுக்கும் சேர்த்துப் பதில் கிடைத்துவிடும்.

உங்கள் கூட்டாளிக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், கோபமில்லாமல். அவள் உங்களுக்கு மட்டும்தான் அனுப்பினாளா, ஏதாவது குழுவில் போட்டாளா என்று கேளுங்கள். குழுவில் போட்டிருந்தால் உடனே "எல்லாருக்கும் அழி" என்பதைக் கொடுக்கச் சொல்லுங்கள். குறிப்பிட்ட நேரம் தாண்டினால் வட்ஸ்அப் அதற்கு விடாது, அழித்தாலும் ஏற்கெனவே சிலரின் போனில் தானாக இறங்கியிருக்கும். அதையும் மிஸ்ஸிடம் சொல்லுங்கள், எத்தனை பேருக்குப் போயிருக்கலாம் என்று தெரிந்தால்தான் பேப்பரை மாற்றுவதா வேண்டாமா என்று அவரால் தீர்மானிக்க முடியும்.